கடைப் பெயர்ப்பலகை: படங்களைப் பார்த்து எதைத் தேர்ந்தெடுப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுக் கடைக்குப் பெயர்ப்பலகை செய்யக் கொடுத்தால் இரண்டு நாளில் மூன்று நான்கு டிசைன்கள் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகளுக்கான விடைகள் இவை. எல்லா விடைகளிலும் ஒரே கடையை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். தமிழ்நாட்டுச் சிறுநகரம் ஒன்றின் பஸ் சாலையில் இரவு பதினொரு மணி வரை திறந்திருக்கும் மருந்துக்கடை அது. பெயர் ‘கதிர் மருந்தகம்’ என்று வைத்துக்கொள்வோம். முகப்பில் 10 அடி அகலம், 3 அடி உயரத்துக்கு இடம் இருக்கிறது.

மூன்று டிசைன்களும் போனில் அழகாகத்தான் தெரிகின்றன. எது சாலையிலிருந்து தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போனில் அவை அழகாகத் தெரிவதற்குக் காரணம், நீங்கள் அவற்றை மிக அருகிலிருந்து பார்ப்பதுதான். ஏழு சென்டிமீட்டர் அகலத் திரையை நிறைத்து நிற்கும் படத்தை ஓரடி தூரத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள். 10 அடிப் பலகையைச் சுமார் 43 அடி தூரத்தில் நேர் எதிரே நின்று பார்ப்பதற்கு இது சமம். அகலமான சாலையாக இருந்தால் எதிர்க்கடை வாசலில் நிற்பவருக்குத்தான் அப்படித் தெரியும். வண்டியில் வருபவர் அவ்வளவு நெருங்கும்போது கடையைத் தாண்டவே போகிறார்.

நூறு அடி தூரத்துக்கான சோதனை எளிது. டிசைன் படத்தைத் திரையில் நான்கு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருக்குங்கள். அளவுகோலைத் திரைமேல் வைத்தே அளக்கலாம். பிறகு போனைக் கண்ணிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். 10 அடிக்கு 100 அடி என்பதும் 4 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் என்பதும் ஒரே விகிதம் என்பதால், கண்ணில் விழும் அளவு மாறாது. இரண்டு சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 200 அடி.

இப்படிச் சுருக்கியதும் பல டிசைன்களில் கடைப்பெயரைத் தவிர மற்ற எல்லாம் மறைந்துவிடும். தொலைபேசி எண், ‘எல்லா வகை ஆங்கில மருந்துகளும் கிடைக்கும்’ என்ற வரி, மருந்துக் குப்பிகளின் படம் எல்லாமே ஒரு கறையாக மாறிவிடும். பெயருக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை அவை தின்றிருக்கின்றன என்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அந்த விவரங்களைக் கதவிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே வருபவர் மட்டும் படித்தால் போதும்.

வண்டியில் வருபவர் எவ்வளவு தூரத்திலிருந்து படிக்க வேண்டும்? எழுத்து எத்தனை அங்குலம் வைப்பது?

மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் இருசக்கர வாகனம் ஒரு விநாடியில் சுமார் 36 அடி கடக்கிறது. பலகையைக் கண்டு இரண்டு சொல்லைப் படிக்க இரண்டு விநாடி, கண்ணாடியில் பின்னால் பார்த்து வேகத்தைக் குறைத்து ஓரம்கட்ட மூன்று விநாடி என்று வைத்தாலே ஐந்து விநாடி ஆகிறது. அதாவது 180 அடி. அதற்குள் படிக்க முடியாவிட்டால் அவர் கடையைத் தாண்டிவிடுவார். தாண்டியவர் அடுத்த மருந்துக்கடையில்தான் நிறுத்துவார்.

எழுத்தின் ஓர் அங்குல உயரத்துக்கு 25 முதல் 30 அடி என்பது ரோமன் எழுத்துகளுக்குப் பயன்படும் ஓரளவு நம்பகமான கணக்கு. அதன்படி 180 அடிக்கு ஏழு அங்குலம் போதும். தமிழுக்கு நான் அதை அப்படியே ஏற்பதில்லை. பத்து அங்குலம் என்பேன். ஒரே உயரத்துக்குள் தமிழ் எழுத்தில் கோடுகளும் சுழிகளும் அதிகம். ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் உள்ள வேறுபாடு அடியில் ஒரு சிறு கோடு. ‘ன’வுக்கும் ‘ண’வுக்கும் ஒரு சுழி. தூரம் கூடும்போது இவைதான் முதலில் கரையும்.

பத்து அங்குலம் என்று சொல்வது ‘க’, ‘ம’ போன்ற எழுத்துகளின் உடல் உயரத்தை. ‘தி’யின் கொக்கியும் மெய்யெழுத்துகளின் புள்ளியும் அதற்கு மேலே நிற்கும், ‘ரு’வின் வால் கீழே இறங்கும். இரண்டுக்கும் நான்கு நான்கு அங்குலம் விட்டால் தமிழ் வரிக்கு மொத்தம் 18 அங்குலம் வேண்டும். டிசைனர் ‘எழுத்து 18 அங்குலம்’ என்று சொன்னால், அது கொக்கியும் வாலும் சேர்ந்த உயரமா, உடல் உயரம் மட்டுமா என்று கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

ஆங்கிலத்தையும் தமிழையும் சம அளவில் வைக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டுக் கடைகள், நிறுவனங்கள் விதிகளின்படி பெயர்ப்பலகையில் தமிழ் முதலிடத்தில் இருக்க வேண்டும். மற்ற மொழிகள் அதற்குப் பிறகுதான் வரும். தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்ற விகிதம்தான் வழக்கமாகக் கேட்கப்படுகிறது. நம் பலகையில் தமிழ் 10 அங்குலம் என்றால் ஆங்கிலம் 6 அங்குலம். தமிழ் வரிக்கு 18, ஆங்கிலத்துக்கு 6, மேலும் கீழும் நடுவிலும் நான்கு நான்காக 12 என்று கூட்டினால் 36 அங்குலம் சரியாக நிறைந்துவிடுகிறது. மூன்றாவது வரிக்கு இடமில்லை. டிசைனில் மூன்றாவது வரி இருந்தால், அது மேலே உள்ள இரண்டில் ஒன்றைச் சுருக்கித்தான் நுழைந்திருக்கும்.

எதிர்ப்பக்கத்தில் நின்று எடுத்த படத்தில் பலகை நன்றாகத் தெரிகிறது. அதை நம்பலாமா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலான கடைக்காரர்களின் பணம் வீணாகிறது. முகப்புப் பலகை சாலைக்கு இணையாக இருக்கிறது. வண்டியில் வருபவர் அதை நேராகப் பார்ப்பதில்லை, ஓரத்திலிருந்து சாய்வாகப் பார்க்கிறார். அவர் செல்லும் தடத்துக்கும் பலகைக்கும் இடையே 20 அடி என்று வையுங்கள். அவர் 100 அடி தூரத்தில் இருக்கும்போது அந்த 10 அடிப் பலகை அவர் கண்ணுக்கு இரண்டடி அகலமாகத்தான் தெரியும். உயரம் குறைவதில்லை, அகலம் மட்டும் நசுங்குகிறது. எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்பதுபோல் இருக்கும். 180 அடியில் அகலம் ஏறக்குறைய ஓரடி. எவ்வளவு நல்ல டிசைனாக இருந்தாலும் அதை அங்கிருந்து படிக்க முடியாது.

சாலையின் மறுபக்கத் தடத்தில் வருபவருக்கு இடைவெளி 40 அடி என்றால், அதே 100 அடியில் பலகை சுமார் 3.7 அடியாகத் தெரியும். ஆகவே முகப்புப் பலகை எதிர்த்தடத்தில் வருபவர்களுக்கும் நடந்து போகிறவர்களுக்கும்தான் வேலை செய்கிறது. உங்கள் பக்கத்திலேயே வருபவர்களுக்கு, சுவரிலிருந்து சாலையை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் பக்கவாட்டுப் பலகை வேண்டும். தொழிலில் அதை சைடு போர்டு என்கிறார்கள். நடைபாதைக்கு மேல் நீட்டுவதற்கு உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

சைடு போர்டில் முழுப் பெயரையும் அடைப்பது வீண். மூன்றடி அகலத்தில் ‘மருந்தகம்’ என்று எழுதினால் ஆறு எழுத்துகள். ஓரமும் இடைவெளியும் போக ஓர் எழுத்துக்கு ஐந்து அங்குலம் கிடைக்கும். ‘மருந்து’ என்று எழுதினால் நான்கே எழுத்து. ஒவ்வொன்றும் ஏழு அங்குலத்துக்கு மேல் வரும். அதன் மேல் பச்சைக் கூட்டல் குறி ஒன்று போதும். சிவப்புக் கூட்டல் குறி வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் சிவப்புச் சிலுவை என்பது ஜெனிவா ஒப்பந்தச் சட்டம், 1960 பாதுகாக்கும் சின்னம். கடைகள் அதைப் பயன்படுத்தக் கூடாது.

அப்படியானால் படங்களை எங்கே நின்று, எப்படி எடுப்பது?

பலகை மாட்டப்போகும் இடத்தைக் குறிவைத்து, வண்டிகள் வரும் தடத்தின் ஓரமாக நின்று எடுங்கள். கடைக்கு இடப்புறமும் வலப்புறமும் 50, 100, 180 அடி தூரங்கள் போதும். சாதாரண நடையில் ஓர் எட்டு இரண்டரை அடி என்று வைத்தால் நூறு அடிக்கு நாற்பது எட்டு. இந்த ஆறு படங்களைப் பார்த்தாலே, மின்கம்பமோ வேப்பமரமோ பக்கத்துக் கடையின் சாய்வுக்கூரையோ எந்த இடத்தில் பலகையை மறைக்கப்போகிறது என்பது தெரிந்துவிடும். டிசைனரிடம் இந்தப் படங்களையே கொடுத்து, அவற்றின்மேல் டிசைனைப் பொருத்தித் தரச் சொல்லுங்கள். எதிரே நின்று எடுத்த ஒரே படத்தில் பொருத்தித் தருவது அவருக்கு எளிது, உங்களுக்குப் பயனில்லை.

போன் கேமராவில் ஒரு சிக்கல் உண்டு. அதன் 1x லென்ஸ் மிக அகன்ற கோணம் கொண்டது. அதில் எடுத்த படத்தைத் திரையில் முழுதாகப் பார்த்தால், எல்லாம் கண்ணுக்குத் தெரிவதில் ஐந்தில் அல்லது ஆறில் ஒரு பங்காகத்தான் இருக்கும். ‘நூறு அடியில் ஒன்றுமே தெரியவில்லையே’ என்று பயந்து சிலர் நல்ல டிசைனை ஒதுக்கிவிடுகிறார்கள். டிசைன் படம் உண்மையைவிடப் பெரிதாகக் காட்டி ஏமாற்றுகிறது. சாலைப் படம் சிறிதாகக் காட்டி ஏமாற்றுகிறது. ஆகவே 2x அல்லது 3x ஜூமில் எடுங்கள். பார்க்கும்போது, 100 அடிப் படத்தில் பலகையின் உயரம் திரையில் 1.2 சென்டிமீட்டர் வரும்வரை பெரிதாக்கி, 40 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். சாய்வில் அகலம் மாறும் என்பதால் உயரத்தைத்தான் அளக்க வேண்டும்.

நிறங்களைப் படத்தை வைத்துத் தீர்மானிக்கலாமா?

நிறத்தைவிட, எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடுதான் தூரத்தில் படிக்க வைக்கிறது. போனிலேயே படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நீலத்தின்மேல் சிவப்பு எழுத்து, பச்சையின்மேல் சிவப்பு எழுத்து இரண்டும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பலாகிவிடும். வண்ணத்தில் பார்க்கும்போது கண்ணைப் பறித்த அதே டிசைன்கள்தான் இவை. வெள்ளை ஓரக்கோடு போட்டுச் சரிசெய்கிறேன் என்று டிசைனர் சொல்லலாம். அருகில் அது அழகாக இருக்கும். நூறு அடியில் அந்தக் கோடு எழுத்தின் சுழிகளை அடைத்துவிடும். மஞ்சளில் கறுப்பு, கரும்பச்சையில் வெள்ளை, வெள்ளையில் கருநீலம் ஆகிய சேர்க்கைகள் இந்தச் சோதனையில் தாங்கும்.

டிசைனர் அனுப்பிய ‘இரவுத் தோற்றம்’ படத்தில் எழுத்துகள் ஜொலிக்கின்றன. உண்மையில் அப்படி இருக்குமா?

அந்த ஜொலிப்பு கணினியில் வரைந்தது. எல்இடி விளக்குகள் பதித்த சிறு துண்டுகளான மாட்யூல்கள் எத்தனை, பெட்டி எவ்வளவு ஆழம், அக்ரிலிக் என்ன தடிமன் என்பதெல்லாம் அந்தப் படத்துக்குத் தெரியாது. அதை வைத்து இரவுத் தெளிவைத் தீர்மானிக்கவே முடியாது.

இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அதே பலகைக்காரர் ஏற்கெனவே மாட்டிய இரண்டு மூன்று பலகைகளின் முகவரியை வாங்கி, இரவில் நீங்களே போய்ப் படம் எடுப்பது. அவர் அனுப்பும் படங்கள் எப்படி எடுக்கப்பட்டவை என்று உங்களுக்குத் தெரியாது. மற்றொன்று, ஓர் எழுத்தை மட்டும் மாதிரியாகச் செய்து தரச் சொல்வது. அதற்குத் தனியாகப் பணம் கேட்டாலும் கொடுங்கள். நம் பெயரில் ‘ந்’ அதற்குப் பொருத்தமான எழுத்து. வளைவும் புள்ளியும் அதில் இருக்கின்றன.

புள்ளியை ஏன் குறிப்பாகச் சொல்கிறேன் என்றால், ஒளிரும் தனியெழுத்துகளில் புள்ளி தனித் துண்டாகச் செய்யப்படுகிறது. அதற்குள் ஒரு மாட்யூல் வைத்துத் தனியாக ஒயர் இழுக்க வேண்டும். சோம்பல்பட்டு அதை விளக்கில்லாமல் ஒட்டிவிடுவது உண்டு. பகலில் குறை தெரியாது. விளக்கு எரிந்ததும் ‘மருந்தகம்’ என்பது ‘மருநதகம’ ஆகிவிடும். ஒப்பந்தத் தாளிலேயே ‘புள்ளிகளும் ஒளிர வேண்டும்’ என்று எழுதி வாங்குங்கள்.

இரவில் போனில் எடுத்தால் எழுத்தெல்லாம் வெள்ளையாகப் பூத்துப்போகிறது. பலகையில் குறையா, போனிலா?

இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், பிரித்தறிய வேண்டும். போன் இருட்டான தெருவைப் பார்த்துத் தானாக வெளிச்சத்தைக் கூட்டும், எழுத்துகள் வெளுத்துப்போகும். நேர்மாறாக, இரவுப் பயன்முறை பல படங்களை ஒன்றாக்கி, கண்ணுக்கே தெரியாத தெளிவைக் காட்டிவிடும். இரண்டையும் தவிர்க்க, இரவுப் பயன்முறையையும் HDR வசதியையும் நிறுத்துங்கள். ‘Pro’ பயன்முறை இருந்தால் ஒளியுணர்வைக் குறிக்கும் ISO எண்ணை 400 என்றும் ஷட்டர் வேகத்தை 1/50 விநாடி என்றும் வைத்துத் தொடங்குங்கள். திரையில் தெரியும் தெரு, கண்ணுக்குத் தெரியும் தெருவைப்போல இருக்கும்வரை ISO எண்ணை மட்டும் மாற்றுங்கள். பிறகு எல்லாப் பலகைகளையும் அதே அளவில் எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/50, 1/100 வேகங்களில் மலிவான விளக்குகளின் துடிப்பு படத்தில் பட்டைபட்டையாக விழாது.

இப்படி எடுத்த படத்திலும், நேரில் வெறும் கண்ணுக்கும் சுழிகள் அடைபட்டுத் தெரிந்தால் குறை பலகையில்தான். மாட்யூல்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன, அல்லது எழுத்துகள் நெருக்கமாக இருக்கின்றன. இருட்டில் ஒளிரும் கோடு அதன் உண்மையான தடிமனைவிடப் பருத்துத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பகலில் சற்று இடைவெளி கூடியதுபோல் தோன்றும் எழுத்தமைப்புதான் இரவில் சரியாக இருக்கும். மழையில் நனைந்த ஹெல்மெட் கண்ணாடி வழியாகவும், கண்புரை உள்ள முதியவர் கண்ணுக்கும் இந்தப் பருமன் இன்னும் கூடும். மருந்துக்கடைக்கு இரவில் தேடி வருபவர்களில் அவர்களும் இருக்கிறார்கள்.

நம் மருந்துக்கடைக்கு வந்த மூன்று டிசைன்களில் எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

முதலாவது, கருநீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து, வெள்ளை ஓரம், கீழே நான்கு வரி விவரம். பிளக்ஸில் அச்சிட்டு மேலிருந்து போகஸ் விளக்கு போடுவது. கறுப்பு வெள்ளைச் சோதனையிலேயே விழுந்துவிடுகிறது. இரவிலும் விளக்கின் ஒளி மேல்விளிம்பில் குவிந்து, ஆங்கில வரி நிழலில் போய்விடும்.

இரண்டாவது, மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து. உள்ளிருந்து விளக்கெரியும் பிளக்ஸ் பெட்டி. நான்கு சென்டிமீட்டர் சோதனையில் மூன்றிலும் இதுவே முதலிடம். செலவும் குறைவு. இரவில்தான் தயக்கம் வருகிறது. நம் கடைக்கு இருபுறமும் கைபேசிக் கடையும் பேக்கரியும் ஒளிரும் பெட்டிகளாகவே இருந்தால், இதுவும் அந்த வரிசையில் இன்னொரு வெளிச்சக் கட்டமாகக் கலந்துவிடும். பெட்டி ஆழம் குறைவாக இருந்தால் மாட்யூல்கள் புள்ளிபுள்ளியாக வெளியே தெரிந்து, எழுத்தின் புள்ளியோடு குழப்பும். ஐந்து அங்குல ஆழமாவது கேளுங்கள்.

மூன்றாவது, ஏசிபி எனப்படும் கறுப்பு அலுமினியக் கூட்டுத் தகட்டின்மேல் வெள்ளை அக்ரிலிக்கில் ஒளிரும் தனியெழுத்துகள். ஆங்கிலம் பெரிதாக மேலே, தமிழ் ஆறு அங்குலத்தில் கீழே. இந்த அமைப்பில் அது விதிக்கும் ஒத்துவராது, தூரத்துக்கும் ஒத்துவராது. ஆனால் செய்முறை நல்லது: இரவில் பின்னணி இருண்டுபோய் எழுத்து மட்டும் நிற்கும், பக்கத்து வெளிச்சக் கட்டங்களுக்கு நடுவே அந்த இருட்டே பலகையைப் பிரித்துக் காட்டும்.

நான் மூன்றாவதைத் திருத்தி எடுப்பேன். தமிழ் மேலே பத்து அங்குலம், ஆங்கிலம் கீழே ஆறு அங்குலம். கறுப்புக்குப் பதில் பளபளப்பில்லாத கரும்பச்சைத் தகடு. பளபளப்பான தகட்டில் தெருவிளக்கு பிரதிபலித்து எழுத்தோடு போட்டியிடும். எழுத்தின் கோட்டுத் தடிமன் ஒன்றரை அங்குலம். அதைவிட மெலிந்தால் மாட்யூல் உள்ளே உட்காராது. ‘கதிர் மருந்தகம்’ ஒன்பது எழுத்து. எழுத்துக்கு இடைவெளியோடு பத்தரை அங்குலம், சொற்களுக்கு நடுவே எட்டு அங்குலம் என்றால் 103 அங்குலத்துக்குள் அடங்குகிறது. இருபுறமும் எட்டு அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகவே ஓரம் கிடைக்கிறது. பணம் இடிக்கிறது என்றால் ஆங்கில வரியை ஒளிராத எழுத்தாக்கி, மிச்சத்தில் சைடு போர்டைச் செய்யுங்கள். சைடு போர்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நண்பர்களிடம் படத்தைக் காட்டி ‘எது நன்றாக இருக்கிறது’ என்று கேட்கலாமா?

அப்படிக் கேட்டால் அழகைப் பற்றித்தான் பதில் வரும். கடைப்பெயரை அறியாத ஒருவரிடம், நான்கு சென்டிமீட்டருக்குச் சுருக்கிய ஒரு டிசைனை இரண்டு விநாடி மட்டும் காட்டி மறைத்துவிட்டு, ‘என்ன படித்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒரே டிசைன்தான். அடுத்ததைக் காட்டும்போது பெயர் அவருக்குத் தெரிந்துவிட்டிருக்கும். டிசைனுக்கு நான்கைந்து பேர் போதும். அவர்களில் அறுபது வயதைக் கடந்தவர் ஒருவராவது இருக்கட்டும். தவறாகப் படித்தால் எந்த எழுத்தில் தடுமாறினார் என்று குறித்துக்கொண்டு, அந்த எழுத்தின் வடிவத்தை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.

மாட்டிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

மீதிப் பணம் கொடுப்பதற்கு முன், இருட்டிய பிறகு விளக்கை எரியவிட்டு, முன்பு படம் எடுத்த அதே ஆறு இடங்களில் நின்று அதே அமைப்பில் மறுபடியும் எடுங்கள். ஒவ்வோர் எழுத்தும் ஒரே அளவு ஒளிர்கிறதா, எல்லாப் புள்ளிகளும் எரிகின்றனவா என்று பாருங்கள். கண் கூசினால் மாட்யூல்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்லலாம். அன்றைக்கே சொன்னால் செய்து தருவார்கள். மின்வழங்கிப் பெட்டி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் பாதிப் பெயர் மட்டும் எரிந்தால் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அதைத்தான்.